இரண்டு ஆரஞ்சுப் பழங்களோடு ஓர் அழைப்பு

சிங்கப்பூரில் ஒரு சீனக் குடும்பம் புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டாரைப் புத்தாண்டுக்கு அழைக்கும்போது அச்சிட்ட அட்டை எதுவும் தருவதில்லை. இரும்புக் கதவுக்கு வெளியே நின்று, சிவப்புப் பையில் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை நீட்டி, “சனிக்கிழமை சாயங்காலம் சும்மா வந்துட்டுப் போங்க” என்பார்கள். அழைப்பு அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்த நமக்கு இது சம்பிரதாயத்துக்குச் சொன்னதா, உண்மையாகவே கூப்பிடுகிறார்களா என்ற குழப்பம் வரும். உண்மையாகத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த இரண்டு பழங்களுக்குள் நாள், நேரம், கையில் கொண்டுபோக வேண்டியது, திரும்பி வரும்போது கையில் இருக்க வேண்டியது எல்லாமே அடக்கம். தெரிந்தவர்களுக்கு அது தானாக விளங்கும். புதியவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்குள்ள தமிழர் வாயில் ‘வீவக’, கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து அரசு வரம்பு வைத்திருக்கிறது. நம் ஊரில் போல ஒரே சாதியார் தெரு, ஒரே மதத்தார் தெரு என்று அங்கே உருவாக வழியில்லை. எதிர்வீட்டில் சீனர், ஓரத்து வீட்டில் மலாய்க்காரர், நடுவில் நாம் என்பது தற்செயல் அல்ல, திட்டமிட்ட ஏற்பாடு. ஆனால் சட்டம் பக்கத்தில் குடிவைக்கத்தான் முடியும். கதவைத் தட்டிப் பேசவைக்க அதனால் ஆகாது. அந்த வேலையைப் பண்டிகைகள் செய்கின்றன.

இதை ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். கும்பகோணத்துக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவர், மனைவி, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். முட்டைகூடச் சேர்க்காத சைவம். கணவருக்கு வேலை மாற்றலாகி 2026 ஜனவரியில் ஒரு வீவக வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறுகிறார்கள். எதிர்வீட்டில் ஐம்பதுகளில் இருக்கும் சீனத் தம்பதி, கூடவே அவருடைய வயதான தாயார், வேலைக்குப் போகும் ஒரு மகன். ஓரத்து வீட்டில் மலாய்க் குடும்பம். அவ்வாண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.

வாழ்த்து முதலில் வருவது பண்டிகைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு. அதற்குள் எதிர்வீட்டு வாசலில் சிவப்புத் தாளில் எழுதிய வாசகங்கள் ஏறியிருக்கும். தொட்டியில் ஒரு குட்டி ஆரஞ்சுச் செடி வந்திருக்கும். சீனப் பெண்மணி மின்தூக்கியில் பார்க்கும்போது பிள்ளைகளின் பெயரைக் கேட்பார், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பார். நம்மவர்கள் இதைப் பொழுதுபோக்குப் பேச்சு என்று நினைப்பார்கள். நல்ல விருந்தாளர் அழைப்பதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்கிறார். பன்றி இறைச்சியும் மீனும் மேசையெங்கும் இருக்கும் பண்டிகையில், என்ன வைக்கலாம் என்று தெரியாமல் கூப்பிட்டால் இருவருக்கும் சங்கடம். இந்த விசாரணைக்கு நாம் தரும் பதில் தெளிவாக இருக்க வேண்டும். “நாங்கள் வெஜிடேரியன்” என்று மட்டும் சொன்னால் போதாது. சீனர் மரபிலும் சைவம் உண்டு. ஆனால் அது வேறு சைவம். பௌத்த வழியில் வந்தவர்கள் வெங்காயம், பூண்டைக்கூட விலக்குவார்கள். அதே சமயம் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் கோழி போல, வாத்து போல வடிவம் செய்து பரிமாறுவார்கள். கும்பகோணத்துப் பாட்டி அந்தத் தட்டைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்! “இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், பால் பரவாயில்லை, வெங்காயம் பரவாயில்லை” என்று சொல்லிவிடுவது இரு வீட்டுக்கும் நல்லது.

பிறகு ஒருநாள் மாலை கதவு தட்டப்படும். அங்கே எந்த இனத்தவராக இருந்தாலும் மூத்தவர்கள் பிள்ளைகளுக்கு ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’தான்.

“இந்தாங்க, புத்தாண்டுப் பழம். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. ரொம்ப நேரம் இருக்கணும்னு இல்ல.”

“ஏன் ஆன்ட்டி சிரமம்?”

“சிரமம் என்ன? மெஷின்ல பிஸ்கெட் செய்ய நான் போகப்போறதில்ல. எல்லாம் கடையில வாங்குனதுதான்.”

இந்தப் பேச்சில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. கிழமையும் மணியும் சொல்லப்பட்டிருக்கிறது, ஆகவே இது சும்மா சொன்ன அழைப்பு இல்லை. சீக்கிரம் போகலாம் என்று வழி விடப்பட்டிருக்கிறது. பெரிய விருந்து இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. ஆகவே பதிலுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டுமே என்ற பாரம் விருந்தினர் தலையில் ஏறவில்லை. என் கணிப்பில் அயலூரில் புதிதாக வந்தவரை அழைப்பதில் இந்த எடை குறைப்புதான் கடினமான கலை. நாம் அன்பைக் காட்டுகிறோம் என்று நினைத்து, வாழையிலை விரித்து, பதினாறு வகை சமைத்து, “இன்னும் கொஞ்சம்” என்று போட்டுக்கொண்டே இருப்போம். முன்பின் பழகாத ஒருவருக்கு அது கடன் போலத் தோன்றும். அடுத்த முறை அவர் நம்மைப் பார்த்ததும் மின்தூக்கிக்குள் வேகமாக நுழைந்துவிடுவார்.

சனிக்கிழமை என்று ஏன் சொன்னார்? சீனப் புத்தாண்டு பதினைந்து நாள் பண்டிகை. அரசு விடுமுறை முதல் இரண்டு நாள்தான். அந்தப் பதினைந்து நாளில் யார் எப்போது யார் வீட்டுக்குப் போவது என்பதற்கு ஒழுங்கு உண்டு. பிப்ரவரி 16, திங்கட்கிழமை இரவு குடும்ப ஒன்றுகூடல் விருந்து. அதற்கு எவ்வளவு நெருங்கிய நண்பரையும் வழக்கமாக அழைப்பதில்லை. அன்று மாலை பலகாரத் தட்டோடு போய்க் கதவைத் தட்டுவதைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. அடுப்பில் வேலை நடந்துகொண்டிருக்கும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருப்பார்கள். 17ஆம் தேதி தந்தை வழிப் பெரியவர்களைப் பார்க்கும் நாள். 18 மனைவியின் பிறந்த வீட்டுக்கு. மூன்றாம் நாளான 19ஆம் தேதி வீடு வீடாகப் போனால் வாக்குவாதம் வரும் என்ற நம்பிக்கையால் பழமை பார்ப்பவர்கள் யாரையும் சந்திப்பதில்லை. ஆக, அண்டை வீட்டாருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் உரிய முதல் வசதியான நாள் ஐந்தாம் நாளான 21, சனிக்கிழமை. அது தவறினால் 28. பதினைந்தாம் நாள் மார்ச் 3 அன்று பண்டிகை முடிந்துவிடும். அதற்குப் பிறகு புத்தாண்டு வாழ்த்துச் சொன்னால், ஆடி மாதத்தில் பொங்கல் வாழ்த்துச் சொன்ன கதைதான்.

இனி அந்தப் பழங்கள். இரண்டு என்பதுதான் விஷயம். ஒன்றாகவோ மூன்றாகவோ கொடுப்பதில்லை, இணையாகத்தான். கான்டனீஸ் பேச்சில் அந்தப் பழத்தின் பெயரும் பொன்னுக்கான சொல்லும் ஒன்றுபோல ஒலிப்பதால், ஆரஞ்சு கொடுப்பது பொன் கொடுப்பது போல. அந்த வாழ்த்துக்குப் பதில் வாழ்த்து உண்டு. சனிக்கிழமை கும்பகோணத்துக் குடும்பம் எதிர்வீட்டுக்குள் நுழையும்போது அவர்கள் கையிலும் இரண்டு பழங்கள் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் ஏந்தி, முதலில் வீட்டின் மூத்தவருக்கு, அதாவது அந்தத் தாயாருக்குத் தர வேண்டும். நாம் வலக்கையால் கொடுத்துப் பழகியவர்கள். இரண்டு கையும் சேர்த்தால் நம் முறையிலும் குறைவில்லை, அவர்கள் முறைக்கும் பொருந்தும். கிளம்பும் நேரத்தில் அவர்கள் வேறு இரண்டு பழங்களை எடுத்து நம் கையில் வைப்பார்கள். “நாங்க கொண்டுவந்ததையே திருப்பித் தர்றாங்களே, பிடிக்கலையோ” என்று வருத்தப்பட வேண்டாம். வெறுங்கையோடு வரவும் கூடாது, வெறுங்கையோடு போகவும் கூடாது என்பதுதான் முறை. பாத்திரத்தில் ஏதாவது போட்டுத் திருப்பித் தரும் நம் வீட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

பழம் எங்கே வாங்குவது என்பதில் சிரமமில்லை. பண்டிகைக்கு முன் ஈரச்சந்தையிலும் பேரங்காடியிலும் பெட்டி பெட்டியாகக் குவிந்திருக்கும். ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போகிறோம் என்றால் பெட்டி வேண்டியதில்லை. தோல் தளராத, ஒரே அளவில் உள்ள பழமாகப் பார்த்து எடுத்தால் போதும். இலையோடு கிடைத்தால் இன்னும் மதிப்பு.

வாழ்த்து எப்படிச் சொல்வது? ‘கோங் ஷீ ஃபா சாய்’ என்பது மாண்டரின். செல்வம் பெருகட்டும் என்ற கருத்து. ஹொக்கியன் பேசும் பாட்டியிடம் அதே வாழ்த்து ‘கியோங் ஹீ ஹுவாட் சாய்’ என்று ஒலிக்கும். உச்சரிப்பு எப்படியும் தப்பாகத்தான் வரும். அதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை, பெரும்பாலும் கைதட்டிச் சிரிப்பார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் முந்தின நாளே சொல்லிக்கொடுத்துவிட்டால் நல்லது. ஐந்து வயதுப் பிள்ளை வாசலில் நின்று இதைச் சொன்னால் அந்தப் பாட்டி அடுத்த பத்து நிமிடத்துக்கு வேறு யாரோடும் பேசமாட்டார்.

பணத்துக்கு வருவோம். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான், நன்றாக வழுக்கும் இடமும்கூட.

திருமணமானவர்கள், திருமணமாகாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சிவப்பு உறையில் பணம் வைத்துத் தருவது ‘அங்பாவ்’. எதிர்வீட்டுத் தம்பதி நம் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டாயம் தருவார்கள். தமிழ்த் தாய்க்கு அனிச்சையாக வாயில் வரும் சொல் “ஐயோ, வேண்டாம் வேண்டாம்”. இங்கே அதை ஒருமுறைக்கு மேல் சொன்னால் வாழ்த்தை மறுத்தது போல ஆகிவிடும். பிள்ளைகள் இரண்டு கையாலும் வாங்கி, வாழ்த்துச் சொல்லி, பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பது கூடாது. எதிர்வீட்டு மகனுக்கு முப்பது வயதே ஆகியிருந்தாலும் திருமணமாகவில்லை என்றால் அவரும் வாங்கும் பக்கத்தில்தான். கும்பகோணத்துக் கணவர் அவரைவிட இளையவராகவே இருக்கலாம். ஆனாலும் இவர் மணமானவர், எனவே தரலாம். அயல்நாட்டவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் தந்தால் மகிழ்ச்சி.

எவ்வளவு? அண்டை வீட்டுப் பிள்ளைகள் என்றால் சிறு தொகைதான். இரண்டு, ஆறு, எட்டு, பத்து வெள்ளி இப்படி. தொகை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நான்கு என்ற எண் மட்டும் ஆகாது, அது சாவை நினைவூட்டும் ஒலி. எட்டு ராசி. தாள் புதிதாகவோ கசங்காமலோ இருக்க வேண்டும்.

இப்போது நம் ஊர் மொய்க் கவரை நினைத்துப் பாருங்கள். நூற்றொன்று, ஐநூற்றொன்று. முழுத் தொகையில் ஒன்று கூட்டினால்தான் நமக்கு மங்கலம். உறவு முடியாமல் தொடர வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஒன்று. அவசரத்தில் கையில் சிக்கிய வெள்ளை அலுவலகக் கவரில் போட்டுக் கொடுப்பதும் நமக்குப் புதிதில்லை. அதையே சிங்கப்பூரில் சீன வீட்டில் நீட்டினால் என்ன ஆகும்? அங்கே வெள்ளை உறையில், ஒற்றைப்படைத் தொகையாகப் பணம் தருவது துக்க வீட்டில்தான். இறந்தவர் வீட்டுச் செலவுக்கு உற்றார் தரும் பணம் அது. துக்கம் இரட்டிக்க வேண்டாம் என்றுதான் ஒற்றைப்படை. அதாவது நம்முடைய மங்கல மொய் அப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல், அவர்களுடைய இழவுப் பணம். இரண்டு ஊர்களும் எண்ணுக்கு எண், நிறத்துக்கு நிறம் இவ்வளவு கச்சிதமாக எதிரெதிரே நிற்பதை நான் வேறு எந்தச் சடங்கிலும் பார்த்ததில்லை. தெரியாமல் செய்தால் எதிர்வீட்டார் மன்னிப்பார்கள். ஆனால் அந்த வயதான தாயாரின் முகம் ஒரு கணம் மாறுவதை நாம் கவனிப்போம், காரணம் புரியாமல் வீடு திரும்புவோம். சிவப்பு உறைகளை அந்தப் பருவத்தில் வங்கிகளே வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. இரண்டை வாங்கி வைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

இதே கணக்குப்படி வேறு சிலவும் பரிசாகக் கூடாது. சுவர்க் கடிகாரம் மரணத்தை நினைவூட்டும். கத்தி, கத்தரிக்கோல் உறவை அறுக்கும். வெள்ளைச் சாமந்தி துக்க வீட்டுப் பூ. உடையில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் வேண்டாம். நம் பட்டுப் பாவாடையும் அரக்குச் சேலையும் அங்கே அமோகமாக எடுபடும்.

சாப்பாட்டு மேசைக்கு வருவோம். நடுவில் தடுப்புகள் கொண்ட வட்டத் தட்டு இருக்கும். வேர்க்கடலை, தர்ப்பூசணி விதை, சர்க்கரைப் பாகில் ஊறிய தாமரைத் தண்டு, வெண்பூசணி மிட்டாய். இவை நம் சைவக் குடும்பத்துக்குப் பயமில்லாத பகுதி. அடுத்த டப்பாக்களில் அன்னாசி ஜாம் வைத்த சின்னச் சின்ன டார்ட்கள், அவ்வூரார் பெருமையாகச் சொல்வது. அதில் வெண்ணெயோடு முட்டையும் இருக்கும், பழைய முறையில் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பதுண்டு. சிவந்த பளபளப்பான தகடுகளாக இருப்பது ‘பக் க்வா’, இனிப்புப் பூசிச் சுட்ட பன்றி இறைச்சி. மெல்லிய சுருள் பிஸ்கட்டில் முட்டை உண்டு. சுருட்டிப் பொரித்த குட்டிப் பலகாரத்துக்குள் இறால் இருக்கும். கூடவே ஒரு டப்பாவில் முறுக்கும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சிங்கப்பூரில் முறுக்கு எல்லா இனத்தாரின் பண்டிகைத் தட்டிலும் ஏறிவிட்டது.

விவரம் தெரிந்த எதிர்வீட்டு ஆன்ட்டி என்ன செய்வார்? சைவக்காரர்களுக்கு என்று தனித் தட்டு எடுத்து, “இது உங்களுக்கு, இதில எதுவும் இல்ல” என்று முன்னே நகர்த்துவார். அவர் அப்படிச் செய்யாவிட்டால் விருந்தினர் ஒவ்வொரு டப்பாவையும் சுட்டி விசாரணை நடத்தத் தேவையில்லை. கடலையும் ஆரஞ்சும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசினால் போதும். மேசையில் இருப்பதில் ஒன்றையாவது எடுத்து வாயில் போட்டுவிட்டால் வீட்டாருக்கு மனம் நிறைந்துவிடும். நேரம் தெரிந்து அழைக்கும் இன்னொரு வழியும் உண்டு. புத்தாண்டின் முதல் நாள் பல சீனக் குடும்பங்கள் சைவம் மட்டுமே உண்கின்றன. உறவினர் வரத்து குறைந்த வீடாக இருந்தால், சைவ அண்டை வீட்டாரை அன்று காலையிலேயே ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு.

பிள்ளைகளுக்கு மறக்க முடியாததாக இருக்கப்போவது ‘யூஷெங்’. வெள்ளை முள்ளங்கி, கேரட் ஆகியவற்றை நூல் போலச் சீவி, பொமலோச் சுளை, ஊறவைத்த இஞ்சி, பொடித்த வேர்க்கடலை, எள், தலையணை வடிவப் பொரி எல்லாவற்றையும் பெரிய தட்டில் அடுக்கி, மேலே பச்சை மீன் துண்டுகளை வைத்து, பிளம் சாஸ் ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் விழும்போது ஒரு வாழ்த்து. பிறகு எல்லோரும் எழுந்து நின்று நீளச் சாப்ஸ்டிக்குகளால் மொத்தத்தையும் தூக்கித் தூக்கிப் போட்டுக் கலப்பார்கள். எவ்வளவு உயரமாகத் தூக்குகிறோமோ அவ்வளவு ஏற்றம் வருமாம். மேசையெல்லாம் சிதறும். சிதறத்தான் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் “சாப்பாட்டை இறைக்காதே” என்று அதட்டப் போன தாய் அங்கே வாயடைத்து நிற்க வேண்டியிருக்கும். இது ஏதோ ஆயிரம் ஆண்டு மரபு என்று நினைத்தால் தப்பு. பச்சை மீன் உண்ணும் வழக்கம் தென்சீனத்தில் பழையது என்றாலும், இந்த வண்ணத் தட்டு வடிவத்தைச் சிங்கப்பூரின் ‘லாய் வா’ உணவகத்தில் 1964இல் நான்கு சமையற்கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள் என்பது அவ்வூர்க் கணக்கு. மலேசியாவின் செரம்பான்காரர்கள், இல்லை எங்களுடையது என்பார்கள். எப்படியானாலும் புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த சடங்கு. அதனால்தானோ என்னவோ புதியவரை அதற்குள் இழுத்துப் போட்டுக்கொள்வது எளிதாக இருக்கிறது. இதில் பார்வையாளர் என்று யாரும் கிடையாது, சாப்ஸ்டிக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சைவக் குடும்பத்துக்காக மீனைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் காய்களை மட்டும் கலக்கச் சொல்லலாம். கடையில் விற்கும் யூஷெங் பெட்டிகள் சிலவற்றில் ஜெல்லிமீன் இருக்கும், அதைப் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதை மட்டும் பிள்ளைகள் செய்யக் கூடாது. இறந்தவருக்கு ஏற்றும் ஊதுவத்தி அப்படித்தான் நிற்கும்.

ஓரத்து மலாய்க் குடும்பத்தையும் எதிர்வீட்டார் அழைக்கத்தான் வேண்டும். 2026இல் ஒரு சிக்கல் உண்டு. புத்தாண்டு தொடங்கிய ஓரிரு நாளிலேயே ரமலான் நோன்பும் தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்குக் கூப்பிட்டால் அவர்கள் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. சிங்கப்பூரில் அந்த நாட்களில் சூரியன் மறைவது மாலை ஏழேகால் மணியை ஒட்டி. நோன்பு திறந்து, தொழுது, மூச்சு விட்டு வர எட்டு மணியாவது ஆகும், அதற்கும் பிறகு தராவீஹ் தொழுகை இருக்கிறது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் அவர்களை வீட்டுக்குள் வரச் சொல்லி வற்புறுத்தாமல், ஹலால் முத்திரை உள்ள, பிரிக்காத டப்பாவும் இரண்டு பழங்களும் அவர்கள் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்து வாழ்த்துவார்கள். டப்பாவைப் பிரிக்காமல் தருவதில் அர்த்தம் இருக்கிறது. நம் சமையலறையில் எந்தக் கரண்டி எதில் பட்டதோ என்ற கேள்வியே எழாது. அதே டப்பாவைத் தாங்களும் ஒன்று வாங்கி அந்த வீட்டுக்குக் கொடுக்க நம் கும்பகோணத்துக் குடும்பத்துக்கும் இது நல்ல சந்தர்ப்பம்.

எவ்வளவு நேரம் இருப்பது? முக்கால் மணி நேரம் போதும். எதிர்வீட்டாருக்கு அன்று இன்னும் இரண்டு மூன்று கூட்டம் வரும். வாசலில் புதுச் செருப்புகள் சேர ஆரம்பித்தால் நாம் எழுவதற்கான நேரம் அது. அவர்கள் “இருங்க, இருங்க” என்பார்கள். அதற்கு நம் ஊரில் என்ன செய்வோமோ அதையே செய்யலாம். சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம்.

அழைப்பே வராமல் போகவும் வாய்ப்புண்டு. ஒரு சீன வீட்டு வாசலில் மட்டும் சிவப்புத் தாள் இல்லை, செடி இல்லை, கதவும் மூடியே இருக்கிறது என்றால், நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஓராண்டுக்குள் அந்த வீட்டில் யாராவது இறந்திருக்கலாம். துக்கம் காக்கும் வீட்டார் பலர் அவ்வாண்டுப் புத்தாண்டுக்கு யார் வீட்டுக்கும் போவதில்லை, யாரையும் அழைப்பதும் இல்லை. தங்கள் துக்கம் பிறர் வீட்டில் ஒட்டக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். ‘இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை’ என்று நாம் சொல்வதும் இதுவே. அந்த வீட்டாரிடம் செல்வம் பெருகட்டும் என்று உரக்க வாழ்த்துச் சொல்லாமல், நலம் விசாரித்துவிட்டு நகர்வது அழகு. இன்னும் சிலர் கிறித்தவர்களாக இருப்பார்கள். அவர்களும் ஆரஞ்சும் அங்பாவும் தருவார்கள், ஊதுவத்தியும் முன்னோர் படையலும் மட்டும் இருக்காது. வேறு சிலர் விடுமுறை கிடைத்ததென்று பேங்காக்குக்கோ தைப்பேக்கோ பறந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பதில் அழைப்பை எப்போது தருவது? அடுத்த வாரமே பதிலுக்குப் பதில் என்று கூப்பிட்டால் கணக்குத் தீர்த்தது போல இருக்கும். அது வேண்டாம். நமக்கு நம் பண்டிகை இருக்கிறது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்களும் சிங்கப்பூரில் விடுமுறை. இடையில் இருக்கும் எட்டு மாதத்தில் டப்பாக்கள் போய் வரட்டும்.

தீபாவளிக்கு அழைக்கும்போது முறை தலைகீழாகிறது, விருந்தாளர் இப்போது நாம். ஆன்ட்டி செய்ததையே செய்யலாம். ஒரு வாரம் முன்பே கிழமையும் மணியும் சொல்லி, காலை எண்ணெய்க் குளியல் முடிந்து உறவினர் கூட்டம் ஓய்ந்த பின் மாலை நேரமாக வைத்துக்கொள்வது. குவான்யின் தேவியை வணங்கும் சீனர் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை, சைவச் சமையலில் அந்தக் கவலையே இல்லை. ஆனால் எதிர்வீட்டு வயதான தாயாருக்கு நம் காரம் தாங்காது. சாம்பாரைவிட இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மைசூர்பாகைவிட நெய் சொட்டாத ரவை உருண்டையும் அவருக்கு ஒத்துப்போகும். அளவாக இனித்தால்தான் நல்ல இனிப்பு என்பது சீன முதியவர்கள் பலரின் ரசனை, நம் குலாப்ஜாமூன் அவர்களைத் திணறடிக்கும். சாப்பிட முள்கரண்டி எடுத்து வைத்துவிடலாம். கையால் சாப்பிடுவதை விரும்பினால் அவர்களே கேட்பார்கள். வாசலில் கோலமும் அகல் விளக்கும் வைப்பதானால் தாழ்வாரத்தில் நடைவழியை அடைக்காமல் சுவரோரமாக வைக்க வேண்டும், தீயணைப்பு விதி அங்கே கண்டிப்பானது. பட்டாசுக்கு இடமே இல்லை, 1972ஆம் ஆண்டிலிருந்து அது தடை. இனிப்புத் தட்டைக் கொடுக்கும்போது கவனமாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு லட்டு வைத்துக் கட்டிக் கொடுக்காதீர்கள், ஆறாக வையுங்கள்.